இரண்டு பேருக்கு ஏழு சீட்டு வண்டி

1. கேட்கக் கூடாத கேள்வி

பெரம்பலூரில் பரிசுப் பொருள் கடை திறந்த அன்று என் முதல் வாடிக்கையாளர் ஒரு அம்மாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தாஜ்மஹாலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க கல்யாண நாளுக்கு வீட்டுக்காரம்மாவுக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க" என்றேன்.

அவர் தாஜ்மஹாலை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டு, "பார்த்துட்டு வரேன்" என்று போனார். வரவில்லை. அந்தத் தாஜ்மஹால் வெகுகாலம் என்னுடனேயே இருந்தது. நானும் அதுவும் ஒரே மாதிரி தூசி பிடித்தோம்.

அதன்பிறகு யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் "அது ஒரு பெரிய கதைங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சொன்னால் மரியாதையாக விட்டுவிடுவார்கள். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, யாரும் கேட்பதுமில்லை. அரியலூரில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். காலையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பஸ்ஸில் பெரம்பலூர் வந்து, நாள் முழுக்க மற்றவர்களின் திருமண வாழ்க்கையைப் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டு, அதே லாரிகளுக்குப் பின்னால் திரும்பிப் போகிறேன். பஸ்ஸில் படிக்கக் கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். படிக்கிறவனிடம் பக்கத்து சீட்டுக்காரர் பேச மாட்டார். அதில் எனக்கு வருத்தமா சந்தோஷமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாண நாளுக்குப் பொருள் கொடுப்பதா, அனுபவம் கொடுப்பதா என்பதுதான் இன்று கடைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது. பொருள் என்றால் தெரியும். அனுபவம் என்றால் ஒரு நாள் படகுச் சவாரி, ஹோட்டலில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு, மலை ஊரில் ஓர் இரவு, ஸ்டூடியோவில் போட்டோ ஷூட். வவுச்சரை ஒரு கவரில் போட்டு ரிப்பன் கட்டித் தருவோம்.

2. அனுபவம் என்று போர்டு வைத்தேன்

ஆன்லைனில் எல்லாம் கிடைக்க ஆரம்பித்தபின் பொருள் விற்பது சிரமமானது. அதனால் வாசலில் "அனுபவப் பரிசுகள்" என்று தனியாக ஒரு போர்டு வைத்தேன். வைத்த கொஞ்ச நாளிலேயே எனக்குப் பெரிய வெற்றி ஒன்று கிடைத்தது. இன்று யோசித்தால் அது கிடைக்காமலே போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.

திருமானூரில் ரிடையர் ஆன ஆசிரியர் தம்பதி. இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். பிரிவு உபசார விழாவில் கிடைத்த சுவர்க்கடிகாரங்களை மாட்ட அவர்கள் வீட்டில் சுவர் போதவில்லை. அவர்கள் மகனிடம், "இன்னொரு பொருள் வேணாங்க, பிச்சாவரத்துக்கு ஒரு நாள் படகுல அனுப்புங்க" என்றேன். போய்விட்டு வந்து அந்த சார் கடைக்கே வந்து, மாங்குரோவ் வேர்களைப் பற்றி எனக்கு ஒரு பீரியட் முழுக்கப் பாடம் எடுத்தார். மனைவி நடுநடுவே பிழை திருத்தினார்.

அதே சமயம் ஒரு தோல்வியும் வந்தது. அரியலூர் சிமெண்ட் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர் ஒருவர், அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தங்கை இரவுச் சாப்பாட்டு வவுச்சர் வாங்கிக் கொடுத்தாள். அவருக்கு ஓய்வு உள்ள நாளில் மனைவிக்கு டியூட்டி, மனைவிக்கு ஓய்வு உள்ள நாளில் இவருக்கு டபுள் ஷிப்ட். வவுச்சர் காலாவதியானது. ஹோட்டல்காரர் நீட்டித்துத் தரவில்லை. கடைசியில் நான் ஒரு நல்ல ஃபிளாஸ்க் கொடுத்தேன். யார் முதலில் வேலைக்குக் கிளம்புகிறார்களோ அவர், அடுத்து வீட்டுக்கு வருகிறவருக்குக் காபி போட்டு ஊற்றி வைக்க வேண்டும். அது மட்டும் வேலை செய்தது.

அந்தத் தோல்வியிலிருந்து நான் கற்றிருக்க வேண்டும்: அனுபவத்துக்குத் தேதி வேண்டும், இருவருக்கும் ஒரே தேதி வேண்டும். பொருளுக்கு அது வேண்டாம், அது காத்திருக்கும். நானோ வெற்றியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

3. ரஹிமா வந்தது

ரஹிமா பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பிறந்த ஊர் லப்பைக்குடிக்காடு, குடியிருப்பது பெரம்பலூரில். பள்ளி விட்ட பிறகு ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தாள். எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. அதிலேயே விஷயம் பெரிசு என்று தெரிந்தது.

"அண்ணே, எங்க அத்தா அம்மாவுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கெழம கல்யாண நாளு. எங்க வூட்ல யாரும் கொண்டாடுனதில்ல. அத்தா எப்பவும் ரியாத்துலதான் இருப்பாரு."

"இப்ப வந்திருக்காரா?"

"ஒரேயடியா வந்துட்டாருண்ணே, ஆறு மாசமாச்சு. இப்ப மறுபடி போறேங்குறாரு. அவரோட பழைய கம்பெனில கூப்புடுறாங்களாம். கல்யாண நாளுக்கு அடுத்த திங்கக்கெழம திருச்சில ஏஜென்ட்டுகிட்ட பாஸ்போர்ட்ட குடுக்கப் போறாரு. இந்த வயசுல எதுக்குத்தான்னு கேட்டா, 'இங்க எனக்கு என்ன வேல இருக்கு?'ங்குறாரு. அம்மாவ கேட்டா, 'அவரு இஷ்டம்'ங்குறாங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்த உக்காந்து பேசி நான் பாத்ததில்ல. ஏதாவது குடுத்து, அவரு போகாம இருந்தா போதும்."

பரிசுப் பொருளிடம் இவ்வளவு வேலை வாங்க நினைத்தவளை நான் அதுவரை பார்த்ததில்லை. வழக்கமாக "சிம்பிளா, ஆனா பெரிசா தெரியணும்" என்பார்கள்.

"வீட்ல பொருள் எப்படி?" என்று கேட்டேன்.

"அத்தா லீவுக்கு வர்றப்பல்லாம் பெட்டி பெட்டியா கொண்டாருவாரு. பிரிக்காத மிக்ஸியே இருக்குண்ணே. கம்பளிய போத்திக்கிட்டா இந்த ஊரு வெயிலுக்குச் செத்துருவோம்."

வீடு நிறையப் பொருள், வாழ்நாள் முழுக்கப் பிரிவு. என் தலைக்குள் மணியே அடித்தது. இவர்களுக்கு வேண்டியது ஒன்றாகக் கழிக்க ஒரு நாள். ஏற்காடு. ஆத்தூர், சேலம் வழியாகக் கார். ஏரியில் படகு, ஹலால் ஹோட்டலில் சாப்பாடு, தொழுகைக்கு நிறுத்த இடம், இரவுக்குள் வீடு. கல்யாண நாளுக்கு முந்தின சனிக்கிழமை வண்டி காலியாக இருந்தது. எனக்கு வழக்கமாக ஓட்டும் சேகரிடம் ஏழு சீட்டு வண்டி இருந்தது. பெரிய வண்டியில் கால் நீட்டி வசதியாகப் போகட்டும் என்று அதையே சொன்னேன். தாராள மனசு என்று எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

4. சேகர் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. எனக்கு அது நீளமான நாள். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் சேகருக்குப் போன் செய்தேன்.

"எப்படிப் போச்சு சேகர்?"

"வண்டிய ரெண்டு வாட்டி கழுவிட்டேண்ணே. இன்னும் நாத்தம் போகல."

"என்ன ஆச்சு?"

"நீங்க ரெண்டு பேருன்னு சொன்னீங்க. நான் போய் நின்னா அந்த வூட்டு வாசல்ல கூட்டம். பாயோட ரெண்டு தங்கச்சி, ஒரு தங்கச்சி மாப்ள, அதுங்களோட மூணு புள்ளைங்க. 'இவ்ளோ பெரிய வண்டி, சீட்டு காலியா போறது பாவம்'னு ஏறிட்டாங்க. ரெண்டு புள்ளைய மடியில வச்சுக்கிட்டாங்க."

"பாய் ஒண்ணும் சொல்லலையா?"

"அவரு எப்புடிண்ணே சொல்லுவாரு? வெளிநாட்டுல சம்பாரிச்ச ஆளு. அவருதான் எல்லாரையும் வாங்க வாங்கன்னாரு. முன்னாடி எம்பக்கத்துல உக்காந்தாரு. அந்தம்மா கடைசி சீட்டு. ராத்திரியெல்லாம் முழிச்சு எல்லாருக்கும் புளிச்சோறு கட்டியிருக்காங்க. கொண்டை ஊசி வளைவுல புள்ளைங்க வாந்தி. பையப் புடிச்சுக்கிட்டே அந்தம்மா மேல வந்தாங்க. படகுல ஏறச் சொன்னா, 'நீங்கல்லாம் போங்க, நான் பைகளப் பாத்துக்குறேன்'னு கரையில உக்காந்துட்டாங்க."

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?"

சேகர் யோசித்தான். "சேலத்துக்கு அங்கிட்டு ஒரு வாட்டி பாய் திரும்பி, 'தண்ணி இருக்கா'ன்னாரு. அந்தம்மா 'இருக்கு'ன்னாங்க."

எங்கள் பக்கத்தில் காலியாக ஒரு சீட்டைக் கொண்டுபோவது கிட்டத்தட்டக் குற்றம். நான் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன், எனக்கு இது தெரியாமல் போனது வேடிக்கைதான். என் பக்கத்து சீட்டு எப்போதும் காலி என்பதால் பழகிவிட்டது போலும்.

5. வீட்டைப் பார்க்கப் போனேன்

திங்கள்கிழமை ரஹிமா போன் செய்தாள். அழவில்லை, ஆனால் கணக்கு டீச்சருக்கே உரிய முறையில் முடிவைச் சொன்னாள்: "அத்தா ஏஜென்ட்டுக்கு ஓகே சொல்லிட்டாரு."

ஒரு குடும்ப போட்டோ ஃபிரேமாவது செய்து கொடுக்கலாம் என்று, அளவெடுக்கும் சாக்கில் செவ்வாய்க்கிழமை அவளோடு லப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் ஏறினேன். உண்மையில் நான் செய்ய வேண்டியது அதுதான், முதலிலேயே. பரிசு யாருக்கோ அவர்கள் வீட்டை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

ஹாலில் கண்ணாடி ஷோகேஸ் நிறைய டின்னர் செட், கப், வாசனை பாட்டில்கள். எதுவும் பிரித்த மாதிரி இல்லை. ரஹிமாவின் அத்தா ஜமால் பாய் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில், சட்டை போட்டு, பட்டன் எல்லாம் மாட்டி உட்கார்ந்திருந்தார். சொந்த வீட்டில் ஒருவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, எங்களில் யார் விருந்தாளி என்று வெளியாளால் கண்டுபிடித்திருக்க முடியாது.

"ஏற்காடு எப்படி இருந்துச்சு பாய்?"

"மாஷா அல்லாஹ், நல்லா இருந்துச்சு தம்பி. எல்லாருக்கும் சந்தோசம்."

"உங்களுக்கு?"

அவர் கொஞ்சம் தெருவைப் பார்த்தார். "எனக்கென்ன தம்பி. லீவுக்கு வந்த காலத்துல பொழுது ஓடும். இப்ப எந்திரிச்சா 'நீங்க உக்காருங்க'ங்குறாங்க. டம்ளரக் கழுவப் போனா புடுங்குறாங்க. அங்க ரூம்ல பத்து பேரு. வெள்ளிக்கெழம ஆனா என் முறதான். எங்கையால ஆக்குனாத்தான் பயலுவ திம்பானுங்க. அந்த ரூமு இப்ப நெனப்பா இருக்கு."

"நீங்க சமைப்பீங்களா?" என்று கேட்டது நானில்லை. உள் அறையின் வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ரஹிமாவின் அம்மா, மைமூன் பீவி.

"பின்ன? கப்ஸா ஆக்குவேன். அரபுக்காரங்க சோறு, ஆட்டுக்கறி போட்டு."

"வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுக முடிஞ்சு நீங்க போன் பண்ணுறப்ப, பின்னாடி ஏதோ தாளிக்கிற சத்தம் கேக்கும். நீங்க ஹோட்டல்ல இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நான்தான் தாளிச்சேன்."

"ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நீ கேட்டதில்லையே, மைமூனு."

 ரஹிமா என்னைப் பார்த்தாள். நான் அளவெடுக்க வந்த டேப்பை மடித்துப் பையில் வைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். பேசத் தெரியாத இருவரை ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார வைத்து மெழுகுவத்தி ஏற்றினால், அவர்கள் மெழுகுவத்தியைத்தான் பார்ப்பார்கள். பழக்கமில்லாதவர்களுக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்கிற வேலை. ஏற்காட்டில் வேலை முழுக்க அம்மாவுக்கு, செலவு முழுக்க அத்தாவுக்கு. இருவருக்கும் பொதுவாக எதுவும் இல்லை. அதனால் இந்த முறை ஒரு பொருள் கொடுக்கலாம், ஆனால் சும்மா வைத்துப் பார்க்க முடியாத பொருள்.

"அம்மா அடுப்படில அத்தாவ விடவே மாட்டாங்கண்ணே."

"அதான் அவருக்குத் தனி அடுப்பு. கொல்லையில."

6. வெள்ளிக்கிழமை

பக்கத்துப் பாத்திரக் கடையில் அடி கனமான பெரிய அலுமினிய டேக்சாவும், ஒற்றை பர்னர் பெரிய அடுப்பும் வாங்கினோம். ரிப்பன் கட்ட இடமே இல்லை. மூடியின் பிடியில் கட்டினேன். கேலிக்கூத்தாக இருந்தது.

உறவினர் பிரச்சினையை ரஹிமா தீர்த்தாள். வெள்ளிக்கிழமை சேகரின் வண்டியை மறுபடி வரச் சொல்லி, அத்தாவின் தங்கைகள், மாமா, பிள்ளைகள் எல்லோரையும் பெரம்பலூரில் தன் வீட்டு விருந்துக்கு ஏற்றிப் போனாள். இந்த முறையும் வண்டி நிறைந்தது. அந்த இருவர் மட்டும் அதில் இல்லை.

அடுப்பை இணைத்துக் கொடுக்க நான் போனேன். டியூபை மாட்டி, கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். ஜமால் பாய் விடவில்லை. "சாப்பிடாம போனா என்ன அர்த்தம் தம்பி?" எங்கள் ஊர்களில் இதற்குப் பதில் கிடையாது. இருவருக்கு என்று இவ்வளவு திட்டமிட்டு ஏற்பாடு செய்த நாளில் மூன்றாவது ஆளாக நான் உட்கார்ந்தேன்.

பாய் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை என்று பிறகு ரஹிமா சொன்னாள். வெங்காயம், கறி, தக்காளி. ரியாத்திலிருந்து கொண்டு வந்த காய்ந்த எலுமிச்சையை எடுத்துக் குத்தி உள்ளே போட்டார். மைமூன் பீவி தூரத்தில் ஒரு மணையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மணை கிட்டே நகர்ந்திருந்தது.

"இவ்ளோ பெரிய துண்டாவா வெட்டுவாங்க?"

"கப்ஸாவுக்கு அப்புடித்தான்."

"மொளகாத்தூள் எங்க?"

"இதுக்குத் தூள் கெடையாது."

"தூள் இல்லாம கறியா?"

அரிசியைப் போட்டு, மூடி, தீயைக் குறைத்து, பாங்கு சொன்னதும் பாய் கை கழுவினார். "நான் ஜும்ஆ போயிட்டு வர்ற வரைக்கும் மூடியத் திறக்கக் கூடாது. தம் போயிரும். சரியா?" என்றார். நானும் அவரோடு வெளியே வந்தேன். அவர் பள்ளிவாசலுக்குப் போனார், நான் எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். என் புத்தகம் கையில் இருந்தது. ஒரு பக்கமும் திரும்பவில்லை.

திரும்பி வந்தபோது பாய் டேக்சாவுக்கு முன் நின்று, "மூடியத் திறந்தியா?" என்றார்.

"உப்பு பாத்தேன்."

"திறக்காதன்னு சொன்னேன்ல?"

"உப்பு பத்தல. போட்டேன்."

"எவ்ளோ போட்ட? ஒரு வாட்டி நான் சொல்றதக் கேக்க மாட்ட?"

"நீங்க சொன்னதத்தான் இவ்ளோ காலமும் போன்ல கேட்டுக்கிட்டே இருந்தேன். நேர்ல நின்னு சொல்லுங்க, கேக்குறேன்."

பாய் கரண்டியால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். "உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார், பெரிய இழப்பை ஒப்புக்கொள்கிறவர் குரலில். மைமூன் பீவி சிரித்தார். பிறகு தூள் பற்றி மறுபடி ஆரம்பித்தது. எனக்கு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். தண்ணீர் வைக்க மறந்துவிட்டார்கள். நானே போய்ச் செம்பில் மொண்டு குடித்தேன். "வரேங்க பாய்" என்றேன். கறித் துண்டின் அளவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

பரிசு பொருந்திவிட்டதா என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் இதுதான்: அதைக் கொண்டு வந்தவனை மறந்துவிடுவார்கள். அன்று பஸ் ஏறும்போது, இதில் நான் நிபுணன் ஆகிவிட்டேன் என்று தோன்றியது. அந்த எண்ணம் ஊர் போய்ச் சேரும்வரை துணைக்கு வந்தது.

7. திங்கள்கிழமை

ஜமால் பாய் கடைக்கு வந்தார். கையில் ஒரு பெரிய சாக்குப் பை. திருச்சி பஸ்ஸுக்குத்தான் கிளம்பியிருக்கிறார் என்று நினைத்தேன். அன்று ஏஜென்ட்டைப் பார்க்க வேண்டிய நாள்.

பையிலிருந்து டேக்சாவை எடுத்து மேசைமேல் வைத்தார். ரிப்பனின் பாதி இன்னும் மூடியில் இருந்தது.

"தம்பி, இது பத்துப் பேருக்கு ஆக்குற சட்டி. எங்கையும் ரூம் கணக்குக்கே போட்டுருது. மூணு நாளா அதையே திங்குறோம். ரெண்டு பேருக்கு ஆக்குற மாதிரி சின்னதா ஒண்ணு குடுங்க. மைமூன்தான் மாத்திட்டு வரச் சொன்னா. அவளுக்கும் கத்துக்கணுமாம், தூள் போட்டு."

"திருச்சி போகலையா பாய்?"

"அது கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பாத்திரக் கடையில் சட்டிகளைத் தட்டிப் பார்க்க என்னையும் கூட்டிப் போனார். தேர்ந்தெடுக்க வெகுநேரம் ஆனது. பஸ்ஸைத் தவறவிடுகிறவரின் அவசரம் எதுவும் அவரிடம் இல்லை.

இப்போது யார் கடைக்கு வந்து பொருளா, அனுபவமா என்று கேட்டாலும் நான் போர்டைக் காட்டுவதில்லை. கேள்வி கேட்கிறேன். இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைக்குமா? அந்த நாளில் சமைப்பது யார், மூட்டை தூக்குவது யார்? காலி இடம் இருந்தால் யார் ஏறிக்கொள்வார்கள்? வீட்டில் பிரிக்காத பெட்டி எத்தனை? இருவரும் சும்மா உட்கார்ந்து பேசுகிறவர்களா, ஏதாவது செய்துகொண்டே பேசுகிறவர்களா? யாரும் வீட்டில் இல்லாத நாளில் அவர்கள் என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பதில் தெரிவதில்லை. தெரிந்துகொண்டு வரச் சொல்கிறேன். திருமானூர் சார் போலப் பேச்சு ஊறுகிறவர்களை எங்கே அனுப்பினாலும் பேசுவார்கள். பேச்சு நின்றுபோனவர்களுக்கு மலையும் ஏரியும் உதவாது, கையில் ஒரு கரண்டி உதவும். பரிசின் அளவும் முக்கியம். வண்டியானாலும் சட்டியானாலும், இரண்டு பேருக்கு என்றால் இரண்டு பேருக்கான அளவில் கொடுக்க வேண்டும். அதை நான் இரண்டு தடவை தவறவிட்டேன்.

ஒருமுறை அடுப்பில் ஏறிய பாத்திரத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். அந்த டேக்சாவை அரியலூருக்கு எடுத்துப் போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வைத்தேன். இப்போது அதில்தான் சமைக்கிறேன். ஒரு ஆளுக்கு அரிசி போட்டால் அடி பிடிக்கிறது. அதனால் கொஞ்சம் கூடவே போட்டு வைக்கிறேன்.